பேனரில் உடைந்த எழுத்து

அலுவலகத்தில் வான்மதிக்கு ‘எழுத்து டீச்சர்’ என்று பட்டம். வைத்தவர் ஆசிரியர் தயாளன். கேலிக்குத்தான் வைத்தார், ஆனால் வான்மதி அதை நிஜப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். கோடம்பாக்கத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் நடக்கும் செய்திச் சரிபார்ப்புத் தளம் அது. வாட்ஸப்பில் சுற்றுகிற படம் உண்மையா, பொய்யா என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே உள்ளவர்களுக்கு வேலை. பொய் என்றால் படத்தின் குறுக்கே சிவப்பில் ‘போலி’ என்று ஒரு முத்திரை விழும். அந்த முத்திரையைப் போடுவதில் வான்மதிக்கு ஒரு தனி ருசி உண்டு.

ஏஐ வரைந்த படங்களைப் பிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. முகத்தைப் பார்க்க மாட்டாள், விரலை எண்ண மாட்டாள். பின்னால் இருக்கும் கடைப் பலகைக்கும் சுவரொட்டிக்கும் நேராகப் போய்விடுவாள். இங்கிலீஷை ஒழுங்காக எழுதும் ஏஐ, தமிழ் என்று வந்தால் திணறும். ‘ண’வுக்கு மூன்று சுழி போதாதென்று நாலைந்து சுழித்து வைக்கும். ஒற்றைக்கொம்பு பக்கத்தில் எழுத்தே இல்லாமல் அனாதையாக நிற்கும். புள்ளி காற்றில் மிதக்கும். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக, எந்த ஊரிலும் யாரும் எழுதாத ஓர் எழுத்து முளைத்திருக்கும். இதையெல்லாம் படம் போட்டு விளக்கி, ‘எழுத்தைப் பாருங்கள்’ என்று அவள் எழுதிய தொடரை லட்சக்கணக்கில் படித்தார்கள். கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்படி இருந்தபோதுதான் கல்யாண மண்டபப் படம் வந்தது. தாமிரபரணிப் பக்கம் ஓர் ஊர். மண்டபத்தின் பக்கவாட்டுக் கேட்டை ஒட்டிக் கழிவுத் தொட்டி. அதற்குள் மார்பளவு மலக்குழியில் ஒரு மனிதர் நிற்கிறார். பின்னால் கேட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிற பிளெக்ஸ் பேனர். ‘திருமண விழா’ என்ற பெரிய எழுத்து சரியாக இருந்தது. கீழே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ வரிசையில், நண்பர்களின் சின்னச் சின்னத் தலைகளுக்கு அடியில் இருந்த பெயர்கள் ஒன்றுகூடத் தமிழ் இல்லை. கொம்பும் சுழியும் கொட்டிக் கிடந்தன. குழியில் நின்றவரின் முகமும் மெழுகு பூசிய மாதிரி வழவழவென்றிருந்தது.

வான்மதி செய்ய வேண்டியதைச் செய்தாள், முக்கால்வாசி. இதே படம் முன்னால் எங்காவது வந்திருக்கிறதா என்று தேடினாள், இல்லை. ஏஐ படத்தைக் கண்டுபிடிக்கும் கருவியில் போட்டாள். ‘பெரும்பாலும் இயந்திரம் தொட்டது’ என்றது. வாட்ஸப்பில் கைமாறி வந்த படம், அதனால் எந்த போனில் எப்போது எடுத்தது என்ற விவரம் எதுவும் அதில் மிஞ்சியிருக்கவில்லை. உள்ளூரில் யாருக்காவது போன் போட்டுக் கேட்பது வழக்கம். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. வேறொரு தளம் முந்திவிடுமோ என்ற பயம். அதோடு, எழுத்துதான் சொல்லிவிட்டதே! முத்திரை விழுந்தது.

இரண்டு நாள் கழித்துத் தளத்தின் பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. ‘அந்தப் படம் நான் எடுத்தது. என் போன்ல என் கையால எடுத்தது. எஸ்தர், டெய்லர்.’ இப்படி நாளுக்குப் பத்துப் பேர் எழுதுவார்கள். வான்மதி எல்லோருக்கும் அனுப்புகிற பதிலை அவளுக்கும் அனுப்பினாள். ‘எழுத்தைப் பாருங்கள்’ தொடரின் இணைப்பு, கூடவே கும்பிடுகிற கைகள் இரண்டு.

அடுத்த வாரம் மகள் ஆதிரையின் பள்ளியில் ஆண்டு விழா. ஆதிரைக்குக் கத்தரிக்காய் வேஷம். ஊதாத் துணிக்குள் மூச்சுத் திணறிக்கொண்டு மேடையில் நின்றாள். வான்மதிக்குக் கிடைத்தது கடைசி வரிசை. கணவன் புதிதாக வாங்கியிருந்த போனைப் பிடுங்கி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு கிட்டே இழுத்து ஒரு படம் எடுத்தாள். திறந்து பார்த்தபோது முதலில் கலங்கலாகத் தெரிந்தது. ஒரு நொடி சுற்றிவிட்டு, போன் தானாகவே படத்தைப் பளிச்சென்று ஆக்கிக் காட்டியது.

கத்தரிக்காய் அழகாகத்தான் இருந்தது. பின்னால் இருந்த பேனரைப் பார்த்தாள். ‘ஆண்டு விழா’ சரியாக இருந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த சிறப்பு விருந்தினர் பெயரில் ‘ண’வுக்கு நாலு சுழி. பக்கத்தில் ஓர் ஒற்றைக்கொம்பு, அனாதையாக. போனை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தாள். பேனரில் அண்ணாமலை என்று அப்பழுக்கில்லாமல் அச்சடித்திருந்தது.

தூரத்தில் இருப்பதை இழுக்கும்போது போனுக்கு எழுத்து தெரிவதில்லை. ஏதோ கோடுகள் தெரிகின்றன. இருக்கிற கோட்டைக் கூர்மையாக்குகிறேன் என்று அது தானே வரைந்துவிடுகிறது. பெரிய எழுத்து தப்பிக்கிறது, சின்ன எழுத்து உடைகிறது. முகமும் மெழுகாகிறது. தன் மகள் நிஜம். மேடை நிஜம். தன்னுடைய கணக்குப்படி இந்தப் படத்துக்கும் சிவப்பு முத்திரைதான் விழ வேண்டும்.

“அம்மா, நான் எப்படி இருந்தேன்?” என்று ஆதிரை ஓடி வந்தாள். வான்மதி அவளைக் கட்டிக்கொண்டாள். மனம் முழுக்க அந்தக் கும்பிடுகிற கைகள்தான் இருந்தன. எவ்வளவு திமிர்!

மறுநாள் தயாளனிடம் படத்தைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இதனால அது நெஜம்னு ஆயிடுமாம்மா? ஏஐ வரைஞ்சாலும் இப்படித்தான் உடையுது, போன் இழுத்தாலும் இப்படித்தான் உடையுது. ரெண்டும் ஒண்ணு போலத்தானே இருக்கு.”

“அதான் சார் சொல்றேன். ரெண்டும் ஒண்ணு போல இருக்குன்னா நான் எப்படி அடிச்சு போலின்னு சொன்னேன்?”

“அந்தப் பொண்ணுகிட்ட ஒரிஜினல் கேட்டியா?”

“கேட்டேன். காலையில போன் பண்ணேன். போலீஸ் ஸ்டேஷன்ல நிக்க வெச்சு அழிக்கச் சொல்லிட்டாங்களாம். நம்ம கட்டுரையைக் காட்டித்தான்.”

தயாளன் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “போய்ட்டு வா. என்ன ஆனாலும் நேர்ல பாத்துட்டு வா” என்றார்.

எஸ்தரின் தையல் கடை மண்டபத்துக்கு எதிர்ச்சாரியில், மாடியில் இருந்தது. நாற்பதை ஒட்டிய வயது, கழுத்தில் அளவு நாடா. வான்மதி தன் பெயரைச் சொன்னதும் எழுந்திருக்கவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே பேசினாள்.

“நீங்கதானா அது? வாங்க. இடம் காலியாத்தான் கெடக்கு, எங்க வேணும்னாலும் உக்காருங்க. முன்னல்லாம் ரவிக்கைத் துணி குமிஞ்சு கெடக்கும், நிக்கக்கூட எடம் இருக்காது. இப்ப ஒரு பொம்பள வரமாட்டேங்கா. படம் வரைஞ்சு ஊரை ஏமாத்துனவளாம் நான். எனக்கு ரவிக்கைக்குக் கழுத்து வரையத்தான் தெரியும்.”

“எங்கிட்ட தப்பு இருக்குங்க.”

“இருக்குல்ல? மண்டபக்காரரு ஒங்க கட்டுரையப் பெருசா அச்சடிச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாரு. இந்தக் கட்டடத்துக்காரரு மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லுதாரு. நான் ஒங்களுக்கு எழுதினேன். அதுக்குப் பாடம் அனுப்புனிய, படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கிய.”

வான்மதிக்குக் காது மடல்கள் சுட்டன. எஸ்தர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நல்லாத்தான் எழுதியிருக்கிய என்றதை அவளால் தாங்க முடியவில்லை.

அன்று நடந்ததை எஸ்தர் சொன்னாள். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் நேரத்தில் மண்டபத்துக் கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. உறிஞ்சுகிற லாரி வந்தது, ஆனால் கார்கள் அடைத்து நின்றதால் கேட்டுப் பக்கம் நுழைய முடியவில்லை. ஒப்பந்தக்காரர் லாரி டிரைவர் இசக்கிராஜையே வாளியைக் கொடுத்துக் குழிக்குள் இறக்கிவிட்டார். எஸ்தர் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனவள், பார்த்துப் பதறி, போனில் கிட்டே இழுத்து எடுத்து, வார்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். மனுசனை இறக்குதாங்களே, யாராவது கேளுங்க என்றுதான் போட்டாள்.

“அந்த போன் இருக்குல்ல?” என்று கேட்டாள் வான்மதி. “படம் அழிஞ்சாலும் பரவால்ல, அதே மாதிரி மறுபடி எடுத்துப் பாக்கலாம். அந்த பேனர் எங்க போச்சுன்னு தெரியுமா?”

எஸ்தர் முதல் தடவையாக மிஷினை நிறுத்தினாள். “தெரியுமாவா? தெனம் அதுக்கு அடியிலதான் எளநி வாங்குதேன்.”

கீழே இளநீர்க்காரர் வண்டிக்கு மேல் அந்த பிளெக்ஸைக் கூரையாகக் கட்டியிருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்த்தும் நெஞ்சங்கள் குலைகளுக்கு மேலே வெயில் காய்ந்தன. விஷயத்தைச் சொன்னதும் இளநீர்க்காரர், “யம்மா, கல்யாணம் திரும்ப நடத்தப் போறியளா?” என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார். மண்டபத்துப் பக்கவாட்டு கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்ற விளக்குக் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

பெண்கள் இருவரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். எஸ்தர் அன்று நின்ற அதே கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாள். அதே போன். விரல்களை விரித்து அதே அளவுக்கு இழுத்தாள். படம் விழுந்தது. கலங்கல், ஒரு நொடி, பிறகு பளிச். ‘திருமண விழா’ முழுசாக இருந்தது. கீழே பெயர்கள் எல்லாம் உடைந்து, கொம்பும் சுழியுமாகக் கிடந்தன. பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற இளநீர்க்காரரின் முகமும் மெழுகு பொம்மை போல வழவழப்பாகிவிட்டிருந்தது.

கீழே இறங்கிப் போய்ப் பேனரைக் கிட்டத்திலிருந்து எடுத்தாள் வான்மதி. அதை மடிக்கணினியில் ஏற்றி, வாட்ஸப்பில் வந்த பழைய படத்தின் மேல் மெல்லியதாகப் படரவிட்டாள். நண்பர்கள் பதினோரு தலை, அங்கேயும் பதினோரு தலை. உடைந்த பெயர் எங்கே தொடங்கியதோ அங்கேதான் நிஜப் பெயரும் தொடங்கியது, எங்கே முடிந்ததோ அங்கேதான் முடிந்தது. நீளமான பெயர் நீளமாகவே உடைந்திருந்தது, குட்டையானது குட்டையாகவே. எழுத்து மட்டும்தான் பொய், எழுத்து இருந்த இடம் நிஜம். ஏஐ சும்மா வரைந்த பேனராக இருந்தால், ஓர் ஊரில் தொங்கிய ஒரு பேனரோடு இப்படி வரிக்கு வரி ஒட்டாது. முதல் நாளே இந்த ஊருக்கு ஒரு போன் போட்டுப் பேனரின் வேறொரு படத்தைக் கேட்டு வாங்கியிருந்தால், மேஜையை விட்டு எழாமலே இது தெரிந்திருக்கும்.

“இது போதுமா?” என்று எஸ்தர் கேட்டாள்.

“போதும். நாளைக்கே திருத்தம் போட்டுடறேன். ஸ்டேஷனுக்கும் நானே எழுதித் தரேன்.”

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள்.

காப்பி வருவதற்குள் படியில் ஆள் வரும் சத்தம் கேட்டது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மடித்துக்கட்டிய கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசலிலேயே நின்றார். எஸ்தர் பார்வையைத் தழைத்துக்கொண்டதிலிருந்தே வான்மதிக்குப் புரிந்துவிட்டது. லாரி டிரைவர் இசக்கிராஜ்.

“பேனரைப் புடிச்சிட்டு நின்னதப் பாத்தேன். நீங்க யாருன்னு எளநிக்காரரு சொன்னாரு” என்றார். “அக்கா, நீங்க மொதல்ல போட்டது அப்படியே இருக்கட்டும்.”

“அது தப்புண்ணே. படத்துல இருக்கறது நீங்கதானே?”

“நான்தான். நான் இல்லன்னு நீங்கதான சொன்னிய?”

அவர் சத்தம் போடவில்லை. சொல்லிக்கொண்டே போனார். மகள் பேச்சியம்மாள் பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார், குழாயைப் போட்டால் மிஷின் உறிஞ்சிவிடும், கையில் அழுக்குப் படாது என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார். படம் அவள் விடுதி வரைக்கும் போய்விட்டது. அப்பா, இது நீங்களா என்று போனில் கேட்டாள். இவருக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டிருந்தபோது கட்டுரை வந்தது.

“அவ லீவுக்கு வந்தப்ப அதக் காட்டி, சத்தமாப் படின்னேன். சுழி, கொம்புன்னு எல்லாத்தயும் படிச்சா. பாத்தியா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதுன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் வீட்ல சோறு எறங்குச்சு.” வான்மதியைப் பார்த்தார். “எனக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா. நீங்கதான் எழுதிக் குடுத்திய.”

காப்பி டம்ளர்களோடு நின்ற எஸ்தர் அவற்றை மிஷின் மேல் வைத்தாள். “அப்ப விட்ருங்கக்கா. நான் ஸ்டேஷன்ல மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டுப் போறேன். எனக்குக் கடை வேற எடத்துல கெடைக்கும். அவரு பொம்பளப் புள்ள மொகத்துல முழிக்கணும்லா.”

இதைக் கேட்டதும் வான்மதிக்கு நெஞ்சு லேசாகியது. விட்டுவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ‘எழுத்து டீச்சர்’ தப்பே செய்யாதவளாக இருந்துகொள்ளலாம். அந்த லேசு என்ன என்று புரிந்த மறுகணம் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தையல்காரி தன் கடையைத் தூக்கிக் கொடுக்கிறாள், டிரைவர் தன் மானத்தைக் காட்டிக் கெஞ்சுகிறார், நமக்கோ நம் பெயர் தப்பித்ததில் நிம்மதி! காப்பியைக் குடிக்க முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்படிச் சொன்னதும் ஒரு கோழைத்தனம்தான்.

சென்னை திரும்பித் தயாளனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேச்சை வளர்க்கவில்லை. “அந்த ஒப்பந்தக்காரன் நாளைக்கு வேற ஒருத்தர இறக்குவான். நம்ம கட்டுரைதான் அவனுக்குக் குடை. இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆனா படத்தைத் திரும்பப் போடாத. அவர் பேரோ ஊரோ வேணாம்” என்றார்.

வான்மதி எழுதினாள். கல்யாண மண்டபப் படம் போலி என்றோம். அது நிஜம். தவறு எங்களுடையது. போன் தூரத்தை இழுக்கும்போது எழுத்தை எப்படி உடைக்கிறது என்று தன் மகளின் கத்தரிக்காய் வேஷத்தையும் பள்ளிப் பேனரையும் வைத்துக் காட்டினாள். உடைந்த எழுத்து சந்தேகத்துக்குத்தான் இடம், தீர்ப்புக்கு இல்லை என்று எழுதினாள். படம் எடுத்தவர் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டாள். போடுவதற்கு முன் இசக்கிராஜுக்கு போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிக்கா, போடுங்க” என்றார்.

எஸ்தருக்குக் கடை தங்கியது. அவள் மேல் இருந்த புகாரைப் போலீஸ்காரர்கள் முடித்துக்கொண்டார்கள். மண்டபத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நோட்டீஸ் போனது. தயாளன் இனிமேல் டீச்சர் என்று கூப்பிடப் போவதில்லை என்று சொன்னார். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

நாலாவது நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. இளம்பெண் குரல்.

“நீங்கதான மண்டபப் படத்தப் பத்தி எழுதுனது? நான் பேச்சியம்மாள், இசக்கிராஜ் மக.”

வான்மதி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். “சொல்லும்மா. என்னை மன்னிச்சுக்கோம்மா.”

“எதுக்கு? நீங்க இப்ப போட்டதுதான் சரி. எஸ்தர் சித்தி பாவம்லா. ஆனா ஒண்ணு சொல்லணும். படத்தப் பாத்த அன்னைக்கே அது எங்கப்பான்னு எனக்குத் தெரியும். மூஞ்சியா வேணும்? அவரு தோளச் சாய்ச்சு நிக்கிற நிப்பு எனக்குத் தெரியாதா? நீங்க எழுதுனத எங்கிட்டக் குடுத்துப் படின்னாரு. நான் சத்தமாப் படிச்சேன். படிச்சிட்டு, ஆமாப்பா, கம்ப்யூட்டர்தான்னு சொன்னேன். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்.”

வான்மதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“இப்ப நம்புன மாதிரி இருக்க முடியலக்கா. அவருக்கும் அது தெரியுது. நாலு நாளாச்சு. நான் வீட்லதான் இருக்கேன். எங்கப்பா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காரு.”

பின்னால் லாரி ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. “வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.